மால்டோஸை அமிலத்தில் கொதிக்க வைத்தேன்; பெனடிக்ட் முன்னும் சிவப்பு, பின்னும் சிவப்பு. உடைந்ததா, இல்லையா?

தேன்மொழி_கெம்

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. நேற்றைய லேபில் சுக்ரோஸ், மால்டோஸ், லாக்டோஸ் மூன்றையும் அமிலத்தால் நீராற்பகுக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றிலும் 2% கரைசல் 10 மி.லி., அடர் HCl ஐந்து சொட்டு, கொதிக்கும் வாட்டர் பாத்தில் ஐந்து நிமிடம். ஆறவைத்து, நுரை நிற்கும் வரை சோடா உப்பு போட்டு, பெனடிக்ட்.

சுக்ரோஸ் புத்தகத்தில் உள்ளபடியே வந்தது: கொதிக்க வைக்கும் முன் நீலம், பின்பு செங்கல் சிவப்பு. மால்டோஸும் லாக்டோஸும் முன்னும் சிவப்பு, பின்னும் சிவப்பு. ரெக்கார்டில் மூன்றுக்கும் "நீராற்பகுப்பு நிகழ்ந்தது" என்றே எழுதச் சொல்லிவிட்டார்கள். எதை வைத்து அப்படி எழுதுவது?

கூடவே ஒரு துண்டு ஃபில்டர் பேப்பரையும் அதே அமிலத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அது செல்லுலோஸ், பீட்டா பிணைப்பு, அதனால் உடையாது என்றான் நண்பன். லாக்டோஸிலும் பீட்டாதானே?

சேகர்_பயோ

பெனடிக்ட் இங்கே உதவாது. அது ஒடுக்கும் சர்க்கரையா என்று மட்டும் சொல்லும். சுக்ரோஸில் குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃபிரக்டோஸின் இரண்டாம் கார்பனும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கிடக்கின்றன. வளையம் திறக்க வழியில்லை, ஆகவே நீலம். மால்டோஸில் இரண்டாவது குளுக்கோஸின் முதல் கார்பன் சும்மா இருக்கிறது. லாக்டோஸிலும் குளுக்கோஸ் முனை அப்படித்தான். அவை உடையாமலே தாமிரத்தை ஒடுக்கும்.

பார்ஃபோயட் செய்யுங்கள். ஒற்றைச் சர்க்கரை என்றால் மூன்று நிமிடத்துக்குள் சிவப்பு, இரட்டைச் சர்க்கரை என்றால் ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான். வேலை முடிந்தது.

பேப்பர் விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆல்ஃபா பிணைப்பை அமிலம் உடைக்கும், பீட்டா பிணைப்பு வலுவானது. அதனால்தான் நமக்கு ஸ்டார்ச் செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை.

கண்ணாடிக்குடுவை

சேகர், முதல் பத்தி சரி. பார்ஃபோயட் பாதி சரி. பீட்டா பற்றிச் சொன்னது தவறு. ஒவ்வொன்றாகப் போகிறேன், ஏனென்றால் தேன்மொழியின் சோதனையில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: அந்த ஐந்து நிமிடத்தில் மால்டோஸ் பெரும்பாலும் உடைந்திருக்கவே இருக்காது.

ஐந்து சொட்டு அடர் HCl என்பது ஏறக்குறைய கால் மி.லி. அது 10 மி.லி.யில் சேர்ந்தால் 0.3 M. சுக்ரோஸுக்கு இது தாராளம். ஏனென்றால் அதிலுள்ள ஃபிரக்டோஸ் ஐந்து அணு வளையமாக இருக்கிறது. அமிலத்தில் அந்தப் பக்கம் மால்டோஸ், லாக்டோஸ் வகையைவிட ஆயிரம் மடங்கு என்ற அளவில் வேகமாக அறுந்துவிடும். சுக்ரோஸுக்கு எழுதிய செய்முறையை அப்படியே மற்ற இரண்டுக்கும் பொருத்துவதுதான் கோளாறு. ஸ்டார்ச்சை முழுதாகக் குளுக்கோஸாக்கும் பழைய அளவறி முறையில் சுமார் 0.7 M HCl-இல் இரண்டரை மணி நேரம் வாட்டர் பாத்தில் வைப்பார்கள். மால்டோஸில் இருப்பதும் அதே ஆல்ஃபா 1→4 பிணைப்புதான். அங்கே இரண்டரை மணி நேரம், இங்கே ஐந்து நிமிடம்!

ஆக, உங்கள் ரெக்கார்டில் சுக்ரோஸ் வரி உண்மை. மற்ற இரண்டு வரிகளுக்கும் உங்கள் கையில் சான்று இல்லை.

பிணைப்பு உடையும் விதத்தைப் பார்த்தால் இந்த வேக வித்தியாசம் விளங்கும். அமிலத்தின் புரோட்டான் இரண்டு வளையங்களுக்கும் நடுவிலுள்ள ஆக்சிஜனில் போய் உட்காரும். பிறகு அந்த ஆக்சிஜனுக்கும் முதல் வளையத்தின் முதல் கார்பனுக்கும் இடையே அறும். நாலாம் கார்பன் பக்கம் அறாது. முதல் கார்பனுக்குப் பக்கத்தில்தான் வளைய ஆக்சிஜன் இருக்கிறது. அது தன் தனி எலக்ட்ரான் இணையைக் கொடுத்து அங்கே உண்டாகும் நேர்மின்சுமையைத் தாங்கிக்கொள்ளும். நாலாம் கார்பனுக்கு அப்படித் தாங்க ஆளில்லை. அடுத்து நீர் வந்து முதல் கார்பனில் சேர, புரோட்டான் ஒன்று வெளியேறும். உள்ளே போன H⁺ திரும்பி வந்துவிட்டது, நீர்தான் செலவானது. வைவாவில் "HCl எவ்வளவு தீரும்" என்று கேட்டால் விழித்துவிடாதீர்கள், தீராது.

அந்த நேர்மின் கார்பனை நீர் மேலிருந்தும் தாக்கலாம், கீழிருந்தும் தாக்கலாம். ஆகவே பழைய பிணைப்பு ஆல்ஃபாவா பீட்டாவா என்ற நினைவு விளைபொருளில் தங்காது. அமிலம் அந்தப் பாகுபாட்டைப் பார்ப்பதே இல்லை என்று சொல்லலாம். பாகுபாடு பார்ப்பது என்சைம்.

வீட்டுச்சமையல்_உமா

குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். எனக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை, லாக்டோஸ்தான் காரணம் என்றார் டாக்டர். அமிலம் லாக்டோஸை உடைக்கும் என்றால், பாலில் எலுமிச்சை பிழிந்து கொதிக்க வைத்தால் போதுமா? பனீர் செய்யும்போது அதைத்தானே செய்கிறோம். வயிற்றிலேயே அமிலம் இருக்கிறதே, அது ஏன் உடைக்கவில்லை?

கண்ணாடிக்குடுவை

உமா, எலுமிச்சையில் திரிவது பாலின் புரதம், சர்க்கரை அல்ல. பனீருக்குப் பால் திரியும்போது pH ஐந்தை ஒட்டி இருக்கும்; லாக்டோஸை உடைக்க அது கணக்கிலேயே வராத அமிலம். வடிகட்டிய தெளிநீரில் லாக்டோஸ் அப்படியே இருக்கும். பனீர் சிலருக்கு ஒத்துக்கொள்கிறது என்றால் லாக்டோஸில் பெரும்பங்கு அந்த நீரோடு போய்விடுவதால்தான்.

வயிற்றமிலம் வலுவானது, pH 1.5 முதல் 2. ஆனால் சூடு 37 டிகிரிதான். இந்த வகைப் பிணைப்புக்கு ஒவ்வொரு பத்து டிகிரி குறையும்போதும் வேகம் மூன்று நான்கு மடங்கு குறையும். நூறு டிகிரியில் 1 M அமிலத்தில் ஒரு மணி நேர வேலை, வயிற்றுச் சூட்டிலும் அந்த அமிலத்திலும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சோறு வயிற்றில் இருப்பதே சில மணி நேரம். அதனால்தான் சிறுகுடலில் லாக்டேஸ் தேவைப்படுகிறது. தயிரில் லாக்டோஸ் கொஞ்சம் குறைவதும் புளிப்பால் அல்ல; பாக்டீரியா தன் என்சைமால் அதை உடைத்துத் தின்ற பிறகு மிஞ்சும் கழிவுதான் அந்தப் புளிப்பு. எதைச் சாப்பிடலாம் என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

சேகர்_பயோ

சரி, லாக்டோஸ் பீட்டாதான், அமிலத்தில் உடையும், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பேப்பர் ஏன் உடையவில்லை? இரண்டும் பீட்டா 1→4. ஒன்று உடைகிறது, இன்னொன்று அசையவில்லை. பிணைப்பு காரணமில்லை என்றால் வேறென்ன?

கண்ணாடிக்குடுவை

அமிலம் உள்ளே நுழைய முடியாததுதான் காரணம்.

ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஹாவொர்த் வடிவத்தில் குளுக்கோஸின் நாலாம் கார்பனின் OH கீழே இருக்கும். மால்டோஸில் முதல் வளையத்தின் முதல் கார்பனிலிருந்து ஆக்சிஜன் கீழ்நோக்கிப் போகிறது. இரண்டும் கீழே, ஆகவே இரண்டு வளையங்களும் ஒரே முகமாக நிற்கும். அப்படியே தொடர்ந்து கோத்தால் சங்கிலி வளைந்து சுருளாகும், அதுதான் ஸ்டார்ச். பீட்டாவில் முதல் கார்பனின் ஆக்சிஜன் மேலே போகிறது, அடுத்த வளையத்தின் நாலாம் OH கீழே. சேர வேண்டுமென்றால் அடுத்த வளையம் தலைகீழாகப் புரள வேண்டும். ஒன்று நேராக, அடுத்தது புரண்டு, மறுபடி நேராக என்று போனால் சங்கிலி நாடா மாதிரி நீளும். நாடாக்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிப் படிகமாகிவிடும். நீரும் H₃O⁺-ம் வெளிப்பரப்பையும் ஒழுங்கற்ற பகுதிகளையும் மட்டுமே தொட முடிகிறது.

சான்று வேண்டுமா? செல்லுலோஸின் இரண்டு வளையத் துண்டு செல்லோபயோஸ். அதே பீட்டா 1→4, ஆனால் நீரில் கரையும். அமிலத்தில் அது மால்டோஸோடு ஏறக்குறைய ஒப்பிடக்கூடிய வேகத்தில் உடைகிறது, ஆயிரம் மடங்கு மெதுவாக அல்ல. பிணைப்பின் வலுதான் காரணம் என்றால் அதுவும் அசையாமல் கிடக்க வேண்டும். ஆக, பீட்டா பிணைப்பு செல்லுலோஸைக் காப்பது உண்மைதான், ஆனால் நேரடியாக அல்ல. நாடா வடிவத்தைக் கொடுக்கிறது, காப்பது அந்த அடுக்கு.

வைக்கோல் செரிக்காததற்குக் காரணமே வேறு: நம் உடலில் அதற்கான என்சைம் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை, வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வைத்திருக்கின்றன.

தேன்மொழி_கெம்

நன்றி மேடம். அப்போ பேப்பரை உடைக்கவே முடியாதா? நான் போட்ட 0.3 M போதவில்லை, 1 M போட்டால்?

கண்ணாடிக்குடுவை

1 M-லும் வாட்டர் பாத்தில் சோர்ந்துதான் போவீர்கள். செறிவை ஏற்றுவதைவிட முதலில் அடுக்கைக் குலைக்க வேண்டும். 72% கந்தக அமிலம் அதைச் செய்யும். பிரான்சில் பிராகோனோ 1819-இலேயே பழைய லினன் துணியைக் கந்தக அமிலத்தால் சர்க்கரையாக்கிக் காட்டினார்.

இன்று மரத்தூள், தாள் போன்றவற்றில் சர்க்கரை அளக்க ஆய்வகங்கள் இரண்டு கட்டமாகச் செய்கின்றன. 0.3 கிராம் உலர்ந்த மாதிரிக்கு 3 மி.லி. 72% அமிலம், 30 டிகிரியில் ஒரு மணி நேரம், ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் குச்சியால் கிண்ட வேண்டும். தாள் கரைந்து கூழாகும். அடுத்து 84 மி.லி. நீர் சேர்த்து அமிலத்தை 4 சதவீதத்துக்கு இறக்கி, ஆட்டோக்ளேவில் 121 டிகிரியில் ஒரு மணி நேரம். முதல் கட்டம் அடுக்கைக் குலைக்கிறது, சங்கிலியைச் சிறு துண்டுகளாக்குகிறது. இரண்டாம் கட்டம்தான் அந்தத் துண்டுகளைக் குளுக்கோஸ் வரை கொண்டு போகிறது.

பலர் இரண்டாம் கட்டத்தைத் தவிர்த்துவிட்டுப் பெனடிக்ட் செய்து சிவப்பைப் பார்த்து மகிழ்வார்கள். துண்டுகளின் முனைகளும் ஒடுக்கும், அந்தச் சிவப்பு குளுக்கோஸுக்குச் சான்று அல்ல. உங்கள் மால்டோஸ் கதையேதான்.

தனியாகச் செய்யாதீர்கள், லேப் பொறுப்பாளர் பக்கத்தில் இருக்கட்டும். 72% அமிலம் தோலையும் பருத்தித் துணியையும் அப்படியே தின்னும், பருத்தியும் செல்லுலோஸ்தானே. நீர்த்தும்போது கூழைக் குளிர்ந்த நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள், பீக்கரைப் பனிக்கட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலை_முருகன்

சேலம் பக்கம் மரவள்ளி ஸ்டார்ச் தொழிலில் இருக்கிறேன். மேடம் சொன்ன 1 M, ஒரு மணி நேரம் எல்லாம் லேப் கணக்கு. ஆலையில் அமில முறையில் செய்தால் ஸ்டார்ச் பால் 35, 40 சதவீதம் திடம் இருக்கும், pH 2-ஐ ஒட்டி, ஆனால் அழுத்தத்தில் 140, 150 டிகிரி. சில நிமிடத்தில் முடிந்துவிடும். அமிலத்தைக் குறைத்த இடத்தில் சூட்டை ஏற்றிக்கொள்கிறோம்.

ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். அமிலத்தை மட்டும் வைத்து முழுக் குளுக்கோஸ் வராது. DE, அதாவது திடத்தில் குளுக்கோஸ் கணக்கில் எத்தனை சதவீதம் ஒடுக்கும் சர்க்கரை என்ற அளவு, 55 பக்கம் போனாலே நிறம் ஏறும், கசப்பு வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் என்சைம்தான். அதனால் "அமிலம் எல்லாவற்றையும் மோனோசாக்கரைடாக்கிவிடும்" என்று புத்தகத்தில் எழுதுவதை நான் நம்புவதில்லை.

கண்ணாடிக்குடுவை

முருகன் சொல்வது நடப்புதான், ஆனால் அது அடர்த்தியால் வருவது. நீராற்பகுப்பு மீளக்கூடிய வினை. 40% கரைசலில் சர்க்கரை நெருக்கமாக இருக்கிறது, நீர் குறைவு. ஆகவே விடுபட்ட குளுக்கோஸ்கள் மீண்டும் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டும்போது பழைய 1→4 இடத்தில்தான் ஒட்ட வேண்டும் என்றில்லை. ஆறாம் கார்பனின் OH எளிதாகக் கிடைப்பதால் 1→6 வகைகள், ஐசோமால்டோஸ், ஜென்டியோபயோஸ் எல்லாம் வரும். கசப்புக்கு ஜென்டியோபயோஸும் ஒரு காரணம். நிறம் வேறு வழி: குளுக்கோஸ் அமிலத்தில் நீரை இழந்து ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரால் ஆகி, அது பழுப்பாகும்.

2 முதல் 5 சதவீதக் கரைசலில் நீர் மிக அதிகம், சமநிலை உடையும் பக்கமே சாய்ந்திருக்கும். புத்தகம் அந்த நிலையைச் சொல்கிறது.

சேகர்_பயோ

மேடம், பார்ஃபோயட் பாதி சரி என்றீர்கள். எந்தப் பாதி தவறு?

கண்ணாடிக்குடுவை

மூன்று இடத்தில் வழுக்கும். ஒன்று, HCl-இன் குளோரைடு பார்ஃபோயட்டைக் கெடுக்கும். அந்தச் சோதனைதான் வேண்டுமென்றால் நீராற்பகுப்பைக் கந்தக அமிலத்தில் செய்து, கால்சியம் கார்பனேட் தூளால் நடுநிலையாக்கி, கீழே படியும் ஜிப்சத்தை வடிகட்டிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு, சர்க்கரை அடர்த்தியாக இருந்தால் மால்டோஸே சீக்கிரம் சிவக்கும். 1 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். மூன்று, வினைப்பொருளே அமிலம். அதில் நெடுநேரம் கொதிக்க வைத்துக் காத்திருந்தால் இரட்டைச் சர்க்கரையும் கடைசியில் காட்டிவிடும். உடைக்காத மால்டோஸ், குளுக்கோஸ், உங்கள் மாதிரி மூன்றையும் ஒரே வாட்டர் பாத்தில் ஒரே நேரத்தில் இறக்கி, எது முதலில் சிவக்கிறது என்று பாருங்கள். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

எனக்குக் கேட்டால் ஓசசோன் அதைவிடத் தெளிவு. குளுக்கோசசோன் சூடான கரைசலிலேயே ஐந்து நிமிட அளவில் மஞ்சள் ஊசிகளாக வந்துவிடும். மால்டோஸ், லாக்டோஸ் ஓசசோன்கள் சூட்டில் கரைந்தே இருக்கும், ஆறிய பிறகுதான் வரும். சூட்டோடு மஞ்சள் படிந்தால் ஒற்றைச் சர்க்கரை வந்துவிட்டது என்று பொருள். ஆறவைத்த பின் மைக்ரோஸ்கோப்பில் சூரியகாந்திப் பூ தெரிந்தால் மால்டோஸ் மிச்சம் இருக்கிறது. முள்பந்து தெரிந்தால் லாக்டோஸ் மிச்சம். ஃபீனைல் ஹைட்ரசின் நச்சு, கையுறையும் ஃபியூம் ஹுடும் கட்டாயம்.

சேகர்_பயோ

ஒரு மால்டோஸ் இரண்டு குளுக்கோஸாகிறது, ஒடுக்கும் முனை ஒன்று இரண்டாகிறது. அளவறி ஃபெலிங் டைட்ரேஷனில் வலு இரட்டிப்பாக வேண்டும். அதுவே சான்று ஆகாதா?

கண்ணாடிக்குடுவை

யோசனை நல்லது, எண் மட்டும் இரண்டு வராது. 10 மி.லி. ஃபெலிங் கரைசலுக்குக் குளுக்கோஸ் சுமார் 50 மி.கி. ஆகும். ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த மால்டோஸ் சுமார் 80, அதே மாதிரி லாக்டோஸ் சுமார் 68. இரட்டிப்பு என்றால் 100 இருக்க வேண்டும். சூடான காரத்தில் சர்க்கரை சிதைந்து, அந்தத் துண்டுகளும் தாமிரத்தை ஒடுக்குவதால் முனைக் கணக்கு சரியாகப் பொருந்தாது. அட்டவணையைப் பார்த்துச் செய்தால் உதவும், "இரண்டு மடங்கு" என்று எதிர்பார்த்தால் உங்கள் மால்டோஸ் பாதிதான் உடைந்தது என்று தப்பாக முடிவெடுப்பீர்கள்.

தேன்மொழி, உங்கள் கல்லூரியில் போலாரிமீட்டர் இருந்தால் மால்டோஸுக்கு அதைவிட எளிய வழி கிடையாது. மால்டோஸ் மோனோஹைட்ரேட்டின் சுழற்சி +130, குளுக்கோஸின் சுழற்சி +52.7. பெரிய இறக்கம், கண்ணுக்கே தெரியும். லாக்டோஸுக்கு அவ்வளவு வசதி இல்லை: +55-இல் தொடங்கி, குளுக்கோஸும் +80 உள்ள கேலக்டோஸும் சேர்ந்து +70-க்குத்தான் ஏறும்.

செய்முறை: மால்டோஸ் மோனோஹைட்ரேட் 10 கிராம், சுமார் 150 மி.லி. நீரில் கரைத்து, அடர் HCl 17 மி.லி. மெதுவாகச் சேர்த்து, 200 மி.லி.க்கு நிரப்புங்கள். 1 M அமிலத்தில் 5% சர்க்கரை. பாதியைக் குளிரில் வையுங்கள், அது பூஜ்ஜிய நேரம். மீதியை ரிஃப்ளக்ஸ் கண்டன்சர் மாட்டிய குடுவையில் கொதிக்கும் வாட்டர் பாத்தில் இறக்குங்கள். கண்டன்சர் இல்லாமல் திறந்து வைத்தால் நீர் ஆவியாகி, கரைசல் அடர்ந்து, கோணம் பொய் சொல்லும்.

அரை மணிக்கு ஒருமுறை 25 மி.லி. எடுத்துப் பனிக்கட்டியில் ஆறவைத்து, 20 டிகிரிக்குக் கொண்டு வந்து, 2 டெசிமீட்டர் குழாயில் படியுங்கள். நடுநிலையாக்க வேண்டாம், நீர்த்துப்போகும். அறைச் சூட்டில் வினை நின்ற மாதிரிதான். படித்ததும் குழாயின் உலோக மூடிகளை உடனே கழுவுங்கள், இல்லையென்றால் அடுத்த பேட்ச் உங்களைத் திட்டும்.

கணக்கு அழகாக வரும். மோனோஹைட்ரேட்டின் மூலக்கூறு எடை 360, இரண்டு குளுக்கோஸும் 360. ஆகவே 5 கிராம் போட்டால் 5 கிராம் குளுக்கோஸ் வரும். +130 என்பது மோனோஹைட்ரேட்டின் எடைக்கே உரிய எண், ஆகவே தொடக்கத்தில் 100 மி.லி.யில் 5 கிராம் என்றே எடுத்தால் கோணம் 13.0 டிகிரி. முழுதும் உடைந்தால் 5.27. நடுவில் எந்த அளவு வந்தாலும் 13.0-இலிருந்து அதைக் கழித்து 7.73-ஆல் வகுங்கள், உடைந்த பங்கு கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. மால்டோஸைக் கரைத்த உடனே படித்தால் 13.0 வராது, குறைவாக வரும், பிறகு ஏறும். படிகத்தில் இருப்பது பீட்டா வடிவம். நீரில் மெல்ல மெல்லச் சமநிலைக்கு வருகிறது. சுழற்சி ஏறுகிறதே என்று பதறாதீர்கள், பொறுத்திருந்து நிலைத்த எண்ணை எடுங்கள்.

ஆலை_முருகன்

போலாரிமீட்டர் இல்லாதவர்களுக்குச் சர்க்கரை நோயாளிகள் சிறுநீரில் பார்க்கும் ஸ்டிரிப் போதும். அது குளுக்கோஸை மட்டும் காட்டும். நாங்கள் அவசரத்துக்கு அதைத்தான் தொடுவோம்.

கண்ணாடிக்குடுவை

நல்ல வழி முருகன். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகை ஸ்டிரிப் மால்டோஸையும் லாக்டோஸையும் பொருட்படுத்தாது. ஆனால் அமிலத்தில் நனைத்தால் என்சைம் செத்துவிடும். ஒரு மி.லி. மாதிரிக்கு ஒரு சிட்டிகை, 0.1 கிராம் அளவு சோடா உப்பு போட்டு நுரை அடங்கிய பின், அதில் அரை மி.லி.யை 10 மி.லி. ஆக்குங்கள். தேன்மொழியின் கரைசல் முழுதும் உடைந்தால் ஸ்டிரிப்பில் 250 மி.கி./டெசி.லி. அளவு காட்டும். நீர்த்தாமல் நனைத்தால் பாதி உடைந்தாலும் முழுதும் உடைந்தாலும் ஒரே கடைசி நிறம்தான். உடைக்காத மால்டோஸையும் அதே போல நீர்த்துப் பாருங்கள், வாங்கிய மால்டோஸிலேயே கொஞ்சம் குளுக்கோஸ் கலந்திருக்கலாம்.

வீட்டில் ரத்தம் பார்க்கும் மீட்டரை எடுக்காதீர்கள். PQQ சேர்ந்த குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் வகை ஸ்டிரிப்கள் மால்டோஸையும் குளுக்கோஸாகவே எண்ணும். இதனால் நோயாளிகளுக்கே ஆபத்து வந்து, 2009-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது.

தேன்மொழி_கெம் (எட்டு நாள் கழித்து)

செய்துவிட்டேன். தொடக்கம் 12.9, அரை மணி 7.9, ஒரு மணி 6.2, ஒன்றரை மணி 5.6. இரண்டு மணிக்கும் 5.6-தான், கரைசல் வெளிர் மஞ்சளாகிவிட்டது, புலத்தின் இரண்டு பாதியையும் பொருத்துவதே கஷ்டமாக இருந்தது. ஸ்டிரிப்பில் உடைக்காத மால்டோஸ் நிறம் மாறவில்லை, ஒன்றரை மணி மாதிரி 250 கட்டத்துக்கு வந்தது. ஐந்து சொட்டு, ஐந்து நிமிடப் பழைய முறையையும் மறுபடி செய்து ஸ்டிரிப்பில் பார்த்தேன். மிக மெலிதான நிறம்தான்.

5.27-க்கு ஏன் இறங்கவில்லை மேடம்? முருகன் அண்ணன் சொன்ன மாதிரி மறுபடி ஒட்டிக்கொள்கிறதா?

ஆலை_முருகன்

அதேதான். நான் சொன்னேன் இல்லையா.

கண்ணாடிக்குடுவை

5% கரைசலில் ஒட்டுவது அவ்வளவு இருக்காது முருகன். ஒன்றரை மணிக்கு உங்கள் வேகப்படி 95% உடைந்திருக்க வேண்டும், 5.6 அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. சிக்கல் இரண்டு மணி எண்ணில் மட்டும்தான், 5.4 வந்திருக்க வேண்டும். 0.2 டிகிரி வித்தியாசம் மஞ்சள் கரைசலில் கண் பிசகாகவே இருக்கலாம், கண்டன்சர் இணைப்பில் கொஞ்சம் நீர் போயிருக்கலாம். குளுக்கோஸ் சிதைந்தது காரணம் என்றால் கோணம் 5.4-க்கும் கீழே போயிருக்கும், மேலே நிற்காது. 10 கிராமுக்குப் பதில் 4 கிராம் போட்டுச் செய்யுங்கள். ஒட்டுவதுதான் காரணம் என்றால் இடைவெளி மறைந்துவிடும். ஆவியானது என்றால் அதே விகிதத்தில் திரும்ப வரும்.

சேகர்_பயோ

லாக்டோஸையும் இதே 1 M-இல் ஓட்டினால் மால்டோஸைவிட வேகமா, மெதுவா? கேலக்டோஸின் நாலாம் OH மேலே திரும்பி இருப்பதால் ஏதாவது மாறுமா?

கண்ணாடிக்குடுவை

கேலக்டோசைடுகள் பொதுவாகக் குளுக்கோசைடுகளைவிடச் சில மடங்கு வேகமாக உடையும், மெத்தில் கேலக்டோசைடில் ஐந்து மடங்கு அளவுக்கு. ஏன் என்பதில்தான் சண்டை. நேர்மின் கார்பன் உண்டாகும்போது வளையம் தட்டையாகி, செங்குத்தாக நிற்கும் அந்த OH-இன் நெருக்கடி தளர்வதால் என்றார்கள் பழைய ஆட்கள். அந்த OH செங்குத்தாக நிற்பதாலேயே நேர்மின்சுமையைக் குறைவாகத் தொந்தரவு செய்கிறது என்கிறார்கள் பின்னால் வந்தவர்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்வேன். தேன்மொழி லாக்டோஸையும் ஓட்டினால் எண்ணை இங்கே போடுங்கள், ஆனால் ஏற்றம் 15 அலகுதான், ஒவ்வொரு மாதிரியையும் மூன்று தடவையாவது படியுங்கள்.